கடவுச்சொல்லை மாற்றும் முன் கணினியைச் சுத்தம் செய்யுங்கள்

கணக்கைப் பறிகொடுத்து, பெரும்பாடுபட்டு மீட்டு, நீளமான புதிய கடவுச்சொல்லும் வைத்த பிறகு, அதே வாரத்தில் மறுபடியும் அதைப் பறிகொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கடவுச்சொல் போதுமான அளவு கடினமாக இல்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொண்டு, அடுத்த முறை இன்னும் நீளமாக வைக்கிறார்கள். அதுவும் களவு போகிறது. பெரும்பாலான இத்தகைய நிகழ்வுகளில் கடவுச்சொல்லின் நீளத்துக்கும் இழப்புக்கும் தொடர்பே இல்லை. முதல் களவுக்குக் காரணமான தீநிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அதே கணினியில் அமர்ந்து புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ததுதான் இரண்டாம் களவுக்குக் காரணம்.

தீநிரல்களில் பல வகை உண்டு. இங்கே நாம் பார்க்கப்போவது விண்டோஸ் கணினிகளில் பரவலாகக் காணப்படும் ஒரே ஒரு வகையை, அதாவது உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் உள்நுழைவுகளையும் அள்ளிச் செல்லும் தகவல் திருடிகளை. 2020இல் தலைகாட்டிய ரெட்லைன், அதற்குப் பின் பெருகிய லுமா போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. 2025 மே மாதம் லுமாவின் கட்டமைப்பை முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது தொற்றியிருந்ததைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

திருடி எதை எடுக்கிறது?

குரோம் உலாவி "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்கும்போது நாம் சம்மதித்தால், அந்தக் கடவுச்சொல் பின்வரும் கோப்பில் போய் அமர்கிறது.

```
%LocalAppData%\Google\Chrome\User Data\Default\Login Data
```

அது மறைகுறியாக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவியைப் பாதுகாப்பது விண்டோஸ். நீங்கள் உள்நுழைந்திருக்கும் பயனர் கணக்கின் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கொடுத்துவிடும் என்பதே நீண்ட காலமாக இருந்த நிலை. நீங்கள் இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்த தீநிரலும் உங்கள் பெயரில்தானே ஓடுகிறது! 2024இல் வந்த குரோம் 127ஆம் பதிப்பில் கூகுள் இதற்கு ஒரு கூடுதல் பூட்டைச் சேர்த்தது. அடுத்த சில மாதங்களிலேயே திருடிகளை எழுதுபவர்கள் அதைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே, தொற்றுள்ள கணினியின் உலாவியில் சேமித்த கடவுச்சொல் எதுவாயினும் அது களவு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லைவிடக் கொடிய இழப்பு ஒன்று உண்டு. நீங்கள் ஒருமுறை உள்நுழைந்துவிட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்காக இணையதளம் உங்கள் உலாவியிடம் ஒரு நீண்ட எழுத்துத்தொடரைக் கொடுத்து வைக்கிறது. குக்கி என்று சொல்லப்படும் இந்தத் தொடர் யார் கையில் இருக்கிறதோ அவரை அந்தத் தளம் நீங்களாகவே நடத்தும். ஓடிபி, இரு படிச் சரிபார்ப்பு எல்லாம் உள்நுழையும் வேளையில் நடப்பவை. குக்கியோடு வருபவர் ஏற்கெனவே உள்நுழைந்தவராகக் கருதப்படுவதால் அவரிடம் பெரும்பாலும் எதுவும் கேட்கப்படுவதில்லை. 2023 மார்ச் 23 அன்று, ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்களைக் கொண்ட லைனஸ் டெக் டிப்ஸ் என்ற கனடா நாட்டு யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர வாய்ப்பு என்று வந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். உலாவியின் குக்கிகள் களவு போயின. சேனலின் பெயர் டெஸ்லா என்று மாறி, மோசடியான கிரிப்டோ நேரலை ஓடத் தொடங்கியது. கணினியே தொழிலாக வாழ்பவர்களுக்கு நேர்ந்தது இது.

ஒரு நிகழ்வைப் படிப்படியாகப் பார்ப்போம்

தையல் வகுப்புக் காணொளிகள் வெளியிடும் ஒருவருக்கு, துணி நிறுவனம் ஒன்றின் பெயரில் விளம்பர ஒப்பந்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பில் ஒரு சிப் கோப்பு இருக்கிறது. அதைத் திறப்பதற்கான கடவுச்சொல்லை மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று தோன்றும் அந்தக் கடவுச்சொல்லின் உண்மையான நோக்கம், மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனை கோப்பின் உள்ளே பார்க்க முடியாமல் செய்வதுதான். உள்ளே இருப்பது `Contract.pdf.scr` என்ற நிரல். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையின் கடைசி எழுத்துகளைக் காட்டாமல் மறைத்து வைப்பதால் அவர் கண்ணுக்கு `Contract.pdf` மட்டுமே தெரிகிறது. அதன் அளவு எழுநூறு எம்பிக்கு மேல் இருக்கிறது. ஒப்பந்தக் கடிதம் ஒன்றுக்கு அவ்வளவு பெரிய கோப்பு எதற்கு? சோதனைத் தளங்களில் பதிவேற்ற முடியாத அளவுக்கு அதை வெற்றுத் தரவால் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்.

அவர் இரண்டு முறை சொடுக்குகிறார். எதுவும் திறக்கவில்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து வேலையைத் தொடர்கிறார். அன்றிரவு சேனல் கைவிட்டுப் போகிறது. பதறிப்போய் அதே மடிக்கணினியில் மீட்புப் பக்கத்தைத் திறக்கிறார். தொலைபேசிக்கு வந்த எண்ணை இட்டுக் கணக்கை மீட்கிறார். இருபது எழுத்துகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை வைக்கிறார். சேமிக்கவா என்று குரோம் கேட்க, ஆம் என்கிறார். விடிவதற்குள் கணக்கு மறுபடியும் போய்விடுகிறது.

இந்த இரண்டாம் இழப்பு மூன்று வழிகளில் நடந்திருக்கலாம். முதலாவது, தீநிரல் இன்னும் கணினியில் தங்கியிருந்து, புதிதாகச் சேமித்த கடவுச்சொல்லையும் புதிய குக்கியையும் மறுபடி அள்ளி அனுப்பியிருக்கலாம். இரண்டாவது, திருடியாக வந்தது வேலை முடிந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் போகும்போது விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும் நிரல் ஒன்றையோ, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்றையோ இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மூன்றாவது, கணினியில் எதுவுமே மிச்சமில்லாமல், முதல் இரவில் திருடர் கணக்குக்குள் இருந்த நேரத்தில் அங்கே ஒரு புழக்கடையைத் திறந்து வைத்திருக்கலாம்: தன் மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேர்ப்பது, சேனலுக்குத் தன்னை மேலாளராக நியமித்துக்கொள்வது போன்றவை. எந்த வழி என்று வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. ஆகையால் மூன்றையும் அடைக்கும் ஒரு வரிசை தேவைப்படுகிறது.

எது முதலில்?

முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொன்னதும், அது முடியும் வரை கணக்கைத் திருடரிடம் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டியதில்லை. தொற்றில்லாத வேறொரு கருவி கையில் இருந்தால், அதிலிருந்து கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடலாம். புதிய கடவுச்சொல் எதுவும் அந்தக் கணினி சுத்தமாகும் வரை அதைத் தொடக்கூடாது, விதி அவ்வளவுதான். விண்டோஸுக்கென்று எழுதிய தீநிரல் ஆண்டிராய்டிலோ ஐபோனிலோ ஓடாது என்பதால், வெளியாரின் ஏபிகே கோப்புகளை நிறுவாத உங்கள் சொந்தத் தொலைபேசியே இதற்குப் பொருத்தமான கருவி. அப்படி ஒன்றும் இல்லாதவர்கள்தான் முதலில் கணினியைச் சுத்தம் செய்து, பிறகு மாற்ற வேண்டும். இணைய மையக் கணினிகளை இதற்கு நம்பாதீர்கள். அவற்றில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆக, முதல் செயல் கணினியின் வைஃபையை அணைப்பது அல்லது இணையக் கம்பியைக் கழற்றுவது. இதனால் தீநிரல் மேற்கொண்டு எதையும் வெளியே அனுப்ப முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தொலைபேசியில் குரோமில் புதிய கடவுச்சொல்லைச் சேமித்தால், அது உங்கள் கூகுள் கணக்கு வழியாக, அதே கணக்கில் உள்நுழைந்திருக்கும் மற்றக் கருவிகளுக்கும் தானாகவே போய்ச் சேரும். தொற்றுள்ள மடிக்கணினி இணையத்தில் இருந்தால், நீங்கள் அதைத் தொடாமலேயே, தொலைபேசியில் கவனமாக வைத்த கடவுச்சொல் அங்கே போய் இறங்கிவிடும்.

கணினி துண்டிக்கப்பட்டதும், தொலைபேசியில் கூகுள் கணக்கின் Security பகுதிக்குச் சென்று முதலில் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்புக் கடிதங்களும் அங்கேதான் வரும் என்பதால் அது முந்திக்கொள்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் பெரும்பாலான கருவிகளிலிருந்து கூகுள் தானாக வெளியேற்றும். ஆனால் எல்லாவற்றிலிருந்தும் அல்ல. எனவே Your devices பட்டியலைத் திறந்து, தொற்றுள்ள கணினியையும் நீங்கள் அறியாத ஒவ்வொரு கருவியையும் தேர்ந்து Sign out செய்வது தனிப் படியாகவே செய்ய வேண்டியது. களவு போன குக்கிகளைச் செல்லாக்காசாக்குவது இந்தப் படிதான். மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் திருடர் மாற்றிவிட்டதால் உள்ளேயே போக முடியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். மாற்றிய பிறகும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கோ பழைய முகவரிக்கோ சரிபார்ப்பு எண்ணை அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும். அந்த 7 நாட்களை வீணாக்காதீர்கள்.

உள்ளே போனதும் புழக்கடைகளைத் தேடுங்கள். மீட்பு எண், மீட்பு முகவரி, இரு படிச் சரிபார்ப்பில் பதிவான கருவிகள், கணக்கோடு இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள் ஆகியவற்றில் உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். ஜிமெயிலின் வடிகட்டிகளையும் பாருங்கள். கூகுளிலிருந்து வரும் எச்சரிக்கைக் கடிதங்களை நேரே குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்றைத் திருடர்கள் வைத்துவிட்டுப் போவதுண்டு. தொலைபேசியின் ஜிமெயில் செயலியில் வடிகட்டிகள் தெரியாது என்பதால், தொலைபேசியின் உலாவியில் ஜிமெயிலை Desktop site முறையில் திறந்து, Filters and Blocked Addresses, Forwarding and POP/IMAP ஆகிய இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும். நம் தையல் ஆசிரியர் யூடியூப் ஸ்டூடியோவின் Permissions பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே அறியாத பெயர் ஒன்று Manager என்று இருக்கும் வரை, எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை.

கணினியில் வாட்ஸப் வெப், டெலிகிராம், கூகுள் மெசேஜஸ் ஆகியவற்றை இணைத்திருந்தால் அவற்றையும் தொலைபேசியிலிருந்து துண்டியுங்கள். குறிப்பாக, குறுஞ்செய்திகளைக் கணினியில் காட்டும் வசதி திறந்திருந்தால், உங்களுக்கு வரும் ஓடிபி திருடர் கண்ணிலும் படக்கூடும்.

கணினியைச் சுத்தம் செய்வது

இங்கே இரண்டு அளவிலான சுத்தம் உண்டு, அவற்றின் வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் அளவு, வைரஸ் நீக்கும் மென்பொருளால் தேடுவது. விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரில், Windows Security என்ற செயலியின் Virus & threat protection, Scan options என்ற பக்கத்தில், Microsoft Defender Antivirus (offline scan) என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள் அப்போது ஓடாத நிலையில் இருப்பதால் அவற்றைப் பிடிப்பது எளிது.

அதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கட்டளைகளை இடுவதற்கான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து இந்தக் கட்டளையை இடுங்கள்.

```
Get-MpPreference | Select-Object ExclusionPath, ExclusionProcess
```

டிஃபெண்டர் எந்தெந்த இடங்களைச் சோதிக்காமல் விட வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறதோ அவை பட்டியலாக வரும். நீங்கள் எதையும் விலக்கி வைக்காதவராயின் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே `C:\` என்றோ, `AppData` என்ற சொல் வரும் ஒரு முகவரி என்றோ இருந்தால், ஏதோ ஒரு நிரல் தனக்கு மறைவிடம் ஏற்படுத்திக்கொண்டது என்று பொருள். அத்தகைய கணினியில் வழக்கமான சோதனை "எதுவும் இல்லை" என்று சொல்வதற்கு மதிப்பில்லை. இணையத்தில் சொல்லும் கிராக் மென்பொருள் நிறுவும் குறிப்புகள் பலவும் "டிஃபெண்டரை அணைத்துவிட்டு, இந்த அடைவை விலக்கி வையுங்கள்" என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பின்பற்றியவர்கள் இந்தக் கதவைத் தாங்களே திறந்து கொடுத்தவர்கள்.

ஆனால் சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்பது கணினி சுத்தம் என்பதற்குச் சான்றாகாது. அறிந்த தீநிரல்களைத்தான் சோதனை எளிதில் அடையாளம் காணும்; நேற்று மாற்றி எழுதப்பட்ட ஒன்று தப்பிக்கலாம். அகப்பட்டதை நீக்கிய பிறகும் அதனோடு வந்த இன்னொன்று மிஞ்சலாம். எனவே கணக்கு உண்மையிலேயே பறிபோன ஒருவருக்கு, அதிலும் அந்தக் கணினியில் வங்கி வேலைகளும் செய்பவருக்கு, நான் முதல் அளவோடு நிற்கச் சொல்வதில்லை. விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி நிறுவுவதே நம்பத் தகுந்த சுத்தம். அரை நாள் வேலைதான்.

அதற்கு வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து Media Creation Tool என்ற நிரலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவில் நிறுவல் வட்டை உருவாக்க வேண்டும். தொற்றுள்ள கணினியிலேயே இதைச் செய்யக்கூடாது. பிறகு அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவும் இடத்தைக் கேட்கும் திரையில் விண்டோஸ் இருந்த வட்டின் பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கி, Unallocated Space என்ற ஒரே வரி மிஞ்சியதும் அதில் நிறுவ வேண்டும். இதோடு அந்த வட்டில் உள்ள எல்லாமே அழிந்துவிடும் என்பதால், வேண்டிய படங்களையும் ஆவணங்களையும் முன்பே வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே முறையாகச் செயலாக்கம் பெற்ற கணினி, நிறுவிய பின் இணையத்தோடு இணைந்ததும் பெரும்பாலும் தானே செயலாக்கம் பெறும்.

Reset this PC என்ற எளிய வழியும் உண்டு. நிறுவல் வட்டு உருவாக்க வழியில்லாதவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் Remove everything என்பதையும் Cloud download என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். Keep my files என்பதைத் தேர்ந்தால், அந்த `Contract.pdf.scr` உங்கள் Downloads அடைவில் அப்படியே காத்திருக்கும்.

நகலெடுக்கும்போது படம், காணொளி, ஆவணம் ஆகியவற்றை மட்டும் எடுங்கள். exe, msi, scr, bat, js, lnk என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள். கோப்பு உலாவியின் View பட்டியலில் File name extensions என்பதை இயக்கிவிட்டால், வேடமிட்ட கோப்புகள் தம் உண்மையான பெயரில் தெரியும். பழைய மென்பொருள்களின் நிறுவல் கோப்புகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு அவற்றை விட மனம் வராது. ஆனால் தீநிரல் திரும்பி வருவதற்கு மிக வசதியான வழி அந்த அடைவுதான்.

மறுபடி உள்நுழையும்போது

புதிய விண்டோஸில் எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவிய பிறகே உலாவியில் கணக்கைச் சேருங்கள். குரோமில் உள்நுழைந்ததும், பழைய கணினியில் இருந்த எக்ஸ்டென்ஷன்கள் கணக்கோடு சேர்ந்து திரும்பி வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். `chrome://extensions` பக்கத்தைத் திறந்து, நீங்களாக நிறுவியதாக நினைவில்லாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அடியோடு அழித்த கணினிக்குள் இப்படி ஒரு தீய எக்ஸ்டென்ஷன் மட்டும் நல்ல பிள்ளையாக நுழைந்துவிட முடியும்.

தொலைபேசியில் அவசரமாக மாற்றாமல் விட்டுவைத்த கணக்குகளை இப்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். பழைய உலாவியில் சேமித்திருந்த எல்லாமே இதில் அடங்கும். இதுவரை தொல்லை வராத கணக்குகளும்தான். களவு போன பட்டியல் கைமாறி விற்கப்படுவதால், சில கணக்குகளின் முறை பல வாரங்கள் கழித்தும் வரலாம். இரு படிச் சரிபார்ப்புக்கான மாற்று எண்களை மேசைத்திரையில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைத்திருந்தால், அவற்றையும் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். திருடிகள் பலவும் மேசைத்திரையில் இருக்கும் சிறு டெக்ஸ்ட் கோப்புகளையும் சேர்த்தே அள்ளுகின்றன.

அடுத்த சில வாரங்களுக்குக் கணக்கின் Recent security activity பகுதியை அவ்வப்போது பாருங்கள். மறுபடியும் அந்நிய உள்நுழைவு தென்பட்டால், எந்தக் கணக்குகளில் தென்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்த கணினியில் திறந்த கணக்குகள் பலவற்றில் ஒரே சமயம் தொல்லை வந்தால், நகலெடுத்த கோப்பு வழியாகவோ எக்ஸ்டென்ஷன் வழியாகவோ தீநிரல் அங்கே திரும்பியிருக்கிறது. கணினியில் திறக்கவே இல்லாத, தொலைபேசியில் மட்டும் பயன்படுத்திய ஒரே ஒரு கணக்கில் வந்தால், கணினியை மறுபடி அழிப்பதில் பயனில்லை. அந்தக் கணக்கின் மீட்பு முகவரியிலும் வடிகட்டிகளிலும் இணைத்த செயலிகளிலும் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.